ப்ளூடூத் ஸ்பீக்கர் சீன மொழியில் கத்துகிறது: மொழியையும் சத்தத்தையும் மாற்ற வழி உண்டா?

அகல்விளக்கு | மார்ச் 3, இரவு 10:52

கையடக்கமான ஒரு சின்ன ஸ்பீக்கர். பட்டனை அழுத்தியதும் சீன மொழியில் ஒரு பெண் குரல் கத்துகிறது. போன் இணைந்ததும் இன்னொரு முறை. அணைக்கும்போது மறுபடியும். நான் இரவில் மிக மெதுவாகப் பாட்டுக் கேட்கிறவன். போனில் சத்தம் கால்வாசிதான் இருக்கும், ஆனால் அந்தக் குரல் மட்டும் வீடு முழுக்கக் கேட்கிறது. தூங்குகிற குழந்தை எழுந்துவிடுகிறது. இதற்குச் செயலி எதுவும் இல்லை. உடன் வந்த தாளில் மூன்று படங்கள் மட்டும். ஆங்கிலத்துக்கு மாற்ற முடியுமா? அதைவிட முக்கியம், சத்தத்தைக் குறைக்க முடியுமா?

கடலலை | மார்ச் 3, இரவு 11:20

போனில் மொழி என்னவென்று பாருங்கள். அறிவிப்பு போனிலிருந்துதான் வரும். எழுத்தை வாசிக்கும் குரலைப் போன் அமைப்பில் ஆங்கிலமாக்கி, அறிவிப்பு சத்தத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

மின்கம்பி | மார்ச் 4, காலை 6:15

இல்லை. போனை முழுக்க அணைத்துவிட்டு ஸ்பீக்கரை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் பேசினால் குரல் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். பேசும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரில் உள்ள + பட்டனை அழுத்துங்கள். போன் திரையில் வால்யூம் பட்டையும் சேர்ந்து நகர்கிறதா, சும்மா இருக்கிறதா? விடை அதில்தான் இருக்கிறது.

அகல்விளக்கு | மார்ச் 4, இரவு 9:30

போன் அணைந்திருந்தாலும் பேசுகிறது. + அழுத்தினால் பாட்டு கூடுகிறது, ஆனால் போனில் பட்டை நகரவில்லை.

மின்கம்பி | மார்ச் 4, இரவு 10:05

அப்படியானால் உங்களிடம் இரண்டு வால்யூம்கள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று போனில், இன்னொன்று ஸ்பீக்கரில். ஒரே குழாயில் அடுத்தடுத்து இரண்டு திருகுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு இரண்டையும் தாண்டி வர வேண்டும். அறிவிப்புக் குரலோ இரண்டுக்கும் நடுவில் வந்து சேர்கிறது. அதனால் போனில் உள்ள முதல் திருகை எவ்வளவு மூடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

நீங்கள் போனைக் கால்வாசியில் வைத்திருக்கிறீர்கள், பாட்டு உங்களுக்குப் போதுமான அளவு கேட்கிறது. அப்படியென்றால் ஸ்பீக்கர் அனேகமாகத் தன் உச்சத்தில் நிற்கிறது. அறிவிப்பு அந்த உச்ச அளவிலேயே வெளியே வருகிறது. இதைத் தலைகீழாக்குங்கள்:

முதலில் பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் − பட்டனைப் பல முறை அழுத்தி மிகக் கீழே கொண்டுபோங்கள். அப்புறம் போன் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல், ஏறக்குறைய உச்சத்துக்கு ஒன்றிரண்டு படி கீழே வையுங்கள். பாட்டைப் போட்டு, தேவைப்பட்டால் ஸ்பீக்கரின் + பட்டனை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். வரிசை முக்கியம். போனை முதலில் ஏற்றினால் பாட்டு அலறிவிடும்.

பிறகு போன் ப்ளூடூத்தை அணைத்து, திரும்பப் போட்டு, "இணைந்தது" என்ற அறிவிப்பு எப்படிக் கேட்கிறது என்று சொல்லுங்கள். குறைந்திருந்தால் உங்கள் ஸ்பீக்கரில் அறிவிப்பு அதன் வால்யூமைப் பின்பற்றுகிறது. குறையவில்லை என்றால் அளவை ஆலையிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். மூன்றாவது வகையும் உண்டு. ஓரளவு வரை குறையும், அதற்குக் கீழே இறங்காது. பேட்டரி தீர்கிற எச்சரிக்கை யாருக்கும் கேட்காமல் போய்விடக் கூடாது என்று அப்படி வைப்பார்கள்.

தாழம்பூ | மார்ச் 5, காலை 8:40

எனக்கும் இதே தொல்லை. இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கும்போது வரும் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் ஒரு ஆள் படித்துக் காட்டுகிறார். அனுப்பியவர் பெயரையும் கடித்துத் துப்புகிறார். மேலே சொன்ன மாதிரி இயர்பட்ஸ் வால்யூமைக் குறைத்தேன். எல்லாமே சேர்ந்து குறைந்துவிட்டது. இவரை எப்படி நிறுத்துவது?

கடலலை | மார்ச் 5, காலை 9:02

அக்கா, உங்களுடையது வேறு. செய்தியைப் படிப்பது போன்தான், நான் முதலில் சொன்னது உங்களுக்குத்தான் பொருந்தும். ஐபோன் என்றால் Settings உள்ளே Notifications, அதில் Announce Notifications. அழைப்பவர் பெயரைச் சொல்வது Announce Calls. ஆண்ட்ராய்டு என்றால் அசிஸ்டன்ட் அமைப்பிலோ, இயர்பட்ஸின் சொந்தச் செயலியிலோ அறிவிப்புகளைப் படிக்கும் வசதி இருக்கும். அதை அணையுங்கள்.

மின்கம்பி | மார்ச் 5, காலை 9:30

சரியாகச் சொன்னீர்கள். அடையாளம் சுலபம். என்ன வாக்கியம் வரும் என்று முன்கூட்டியே தெரியாத பேச்சு, அதாவது செய்தி, பெயர் போன்றவை, போன் உருவாக்குவது. எப்போதும் அதே வாக்கியம், அதே ஏற்ற இறக்கம் என்றால் செட்டுக்குள் பதிவாகியிருக்கிற துண்டு.

சில ஸ்பீக்கர்கள் அழைப்பு வரும்போது எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லும். அதுவும் பதிவுதான். போன் எண்ணை ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது, ஸ்பீக்கர் தன்னிடம் இருக்கும் பத்து இலக்கங்களின் பதிவைக் கோத்துப் பேசுகிறது.

அகல்விளக்கு | மார்ச் 5, இரவு 11:10

மின்கம்பி சொன்ன வரிசையில் செய்தேன். "இணைந்தது" நன்றாகக் குறைந்துவிட்டது, பக்கத்து அறைக்குக் கேட்காது. அணைக்கும்போது வருவதும் அப்படியே. ஆனால் போடும்போது வரும் முதல் குரல் மட்டும் பழையபடி கத்துகிறது. பாட்டும் நான் வைத்த அளவில் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரை மறுபடி குறைக்க வேண்டியிருக்கிறது.

மின்கம்பி | மார்ச் 6, காலை 6:40

பாட்டின் அளவும் மாறிவிடுகிறது என்பது நல்ல தடயம். அந்த ஸ்பீக்கர் கடைசியாக வைத்த வால்யூமை நினைவில் வைப்பதில்லை. போடும்போதெல்லாம் ஆலையில் வைத்த தொடக்க அளவுக்குத் திரும்புகிறது. முதல் குரல் அந்த அளவில் ஒலிக்கிறது, நீங்கள் குறைத்த பிறகு வருகிறவை மட்டும் அடங்குகின்றன.

ஒன்றை மட்டும் சோதியுங்கள். நீங்கள் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி அணைக்கிறீர்களா, பக்கவாட்டில் தள்ளும் சுவிட்சா? தள்ளு சுவிட்ச் சில செட்டுகளில் மின்சாரத்தையே வெட்டிவிடும், வால்யூமை எழுதி வைக்க அதற்கு நேரம் கிடைக்காது. அழுத்தும் பட்டன் என்றால் அணையும் முன் எழுதிவிட்டு அணையலாம். இரண்டும் இருந்தால் பட்டனால் அணைத்துப் பாருங்கள்.

கடலலை | மார்ச் 6, மதியம் 1:15

என் ஸ்பீக்கரில் + அழுத்தினால் போன் பட்டை முன்பு நகரும், இப்போது நகர்வதில்லை. போன மாதத்திலிருந்துதான் அறிவிப்பும் கத்துகிறது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா?

மின்கம்பி | மார்ச் 6, மதியம் 1:50

போனில் Developer options திறந்து எதையாவது மாற்றினீர்களா? அங்கே Disable absolute volume என்று ஒன்று இருக்கிறது.

கடலலை | மார்ச் 6, மதியம் 2:05

ஆமாம், காரில் சத்தம் போதவில்லை என்று யாரோ சொன்னதைப் பார்த்து அதைப் போட்டேன். கார் சரியாகிவிட்டது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

மின்கம்பி | மார்ச் 6, இரவு 8:20

காரணம் அதுதான். சாதாரணமாகப் புதிய செட்டுகளில் போனும் ஸ்பீக்கரும் ஒரே வால்யூமைப் பகிர்ந்துகொள்ளும். போன் பாட்டை முழு அளவில் அனுப்பிவிட்டு, "நீ இந்த அளவில் ஒலி" என்று 0 முதல் 127 வரை ஒரு எண்ணைச் சொல்லும். குறைப்பது ஸ்பீக்கரின் வேலை. இந்த ஏற்பாட்டில் நீங்கள் போனைக் குறைத்தாலே ஸ்பீக்கரும் குறையும், அறிவிப்பும் கூடவே குறையும் (அதைப் பின்பற்றும் வகை செட்டாக இருந்தால்).

அந்த அமைப்பை நீங்கள் போட்டதும் ஒப்பந்தம் முறிந்துவிட்டது. இப்போது போன் பாட்டைத் தானே குறைத்து அனுப்புகிறது, ஸ்பீக்கர் தன் பழைய அளவிலேயே நிற்கிறது. அது ஒரு கருவிக்கு மட்டுமான அமைப்பு அல்ல, போனுடன் சேரும் எல்லா ப்ளூடூத் செட்டுக்கும் பொருந்தும். காருக்காகச் செய்தது ஸ்பீக்கரைக் கெடுத்தது அப்படித்தான்.

போனில் Developer options திறந்து Disable absolute volume அணையுங்கள். அதோடு நிற்கக் கூடாது, ப்ளூடூத்தை அணைத்துப் போட்டு மறுபடி இணைக்க வேண்டும். சில போன்களில் போனையே ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் பிடிக்கும். மறுபடி பாட்டு தொடங்கும் முன் போன் வால்யூமைக் கீழே வையுங்கள். அமைப்பு மாறும் நொடியில் இரு பக்கமும் எந்த அளவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. இயர்பட்ஸ் என்றால் காதில் போட்டுக்கொண்டு இதைச் செய்யவே வேண்டாம்.

ஐபோனில் இப்படி ஒரு அமைப்பு இல்லை.

கடலலை | மார்ச் 6, இரவு 9:44

ஸ்பீக்கர் சரியானது. பட்டை நகர்கிறது, அறிவிப்பும் அடங்கிவிட்டது. கார் பழையபடி மெதுவாகிவிட்டது. ஒன்று இருந்தால் ஒன்று இல்லை!

மின்கம்பி | மார்ச் 6, இரவு 9:58

காரின் சொந்த வால்யூம் குமிழை ஏற்றுங்கள். போனை உச்சத்துக்கு ஒரு படி கீழே வையுங்கள்.

விரல்நுனி | மார்ச் 7, காலை 7:25

எல்லாரும் குறைக்கக் கேட்கிறீர்கள், எனக்குக் கூட்ட வேண்டும். எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் எப்போதும் ஓடும், அது காதுக்குள் வேகமாகப் பேசுவதால் வால்யூமை மிகக் குறைவாக வைப்பேன். ஆனால் "பேட்டரி குறைவு", "இணைப்பு துண்டிக்கப்பட்டது" ஆகிய இரண்டும் சாலையில் எனக்குக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். என் இயர்பட்ஸில் அவை வால்யூமோடு சேர்ந்து குறைந்து, வண்டிச் சத்தத்தில் காணாமல் போகின்றன. குரலை அணைத்துவிட்டு வெறும் பீப் வைத்துக்கொள் என்கிறார்கள். எந்தப் பீப் எதற்கு என்று நடக்கும்போது யோசித்துக்கொண்டிருக்க முடியாது. ஆண்ட்ராய்டு போன்.

மின்கம்பி | மார்ச் 7, காலை 10:10

உங்களுக்கு மேலே சொன்னதைத் தலைகீழாகச் செய்யலாம். கடலலை கேடாகப் பார்த்ததே உங்களுக்கு வேண்டியது. Disable absolute volume போடுங்கள், மறுபடி இணையுங்கள். இயர்பட்ஸின் சொந்த அளவை அதன் தொடு பகுதியால் ஏற்றுங்கள், போனைக் கீழே இறக்குங்கள். திரைவாசிப்பான் போன் வழியாக வருவதால் மெதுவாகும். அறிவிப்பு இயர்பட்ஸ் அளவில் உரக்க வரும்.

தடைகள் இரண்டு. இயர்பட்ஸிலேயே வால்யூம் மாற்றும் தொடுகை இருக்க வேண்டும். இல்லையென்றால் அது தன் தொடக்க அளவில் நிற்கும், அதை உங்களால் ஏற்ற முடியாது. அடுத்தது, போன் வால்யூம் தவறுதலாக ஏறினால் சத்தம் நேரே காதில் இறங்கும். ஆண்ட்ராய்டில் வால்யூம் பட்டன் ஒரு அழுத்துக்கு ஒரு படிதான், ஆனால் அழுத்திப் பிடித்தால் ஓடிவிடும். முதலில் இயர்பட்ஸை நடு அளவில் வைத்துப் பழகுங்கள். அமைதியான இடத்தில் லேசாக ஓர் இரைச்சல் கேட்கக்கூடும். அது இந்த ஏற்பாட்டின் விளைவு, பழுது அல்ல.

விரல்நுனி | மார்ச் 7, இரவு 7:50

தொடுகை இருக்கிறது. நடு அளவுக்குச் சற்று மேலே வைத்தேன், "இணைப்பு துண்டிக்கப்பட்டது" இப்போது தெளிவாகக் கேட்கிறது. இரைச்சல் இருக்கிறது, வெளியே போனால் தெரிவதில்லை.

செட் செய்பவர்கள் இதற்கென்று தனி வால்யூம் ஏன் வைப்பதில்லை? ஏர்பாட்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் Settings, Accessibility, AirPods என்று போய் Tone Volume என்ற பட்டையைக் காட்டினார். அது பேச்சு அல்ல, ஒலிக் குறிதான். ஆனாலும் பாட்டிலிருந்து தனியாக மாற்ற முடிகிறது. செய்ய முடியாத வேலை இல்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

அகல்விளக்கு | மார்ச் 7, இரவு 10:35

தள்ளு சுவிட்ச் இல்லை, ஒரே பட்டன்தான். நீண்ட நேரம் அழுத்தித்தான் அணைக்கிறேன். அப்படியும் நினைவில் வைப்பதில்லை. மொழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பழையரேடியோ | மார்ச் 8, காலை 11:00

இதே வகை ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்திருக்கிறேன். உள்ளே ஒரே சிப். இணையத்தில் அதே உருவத்தில் இருக்கும் ஸ்பீக்கரின் ஆங்கில ஃபர்ம்வேரைத் தேடி ஏற்றினால் வேலை முடிந்தது. சத்தம் பிரச்சினை என்றால் ஸ்பீக்கர் கம்பியில் ஒரு ரெசிஸ்டர் போட்டுவிடலாம், அரை மணி நேர வேலை.

மின்கம்பி | மார்ச் 8, மதியம் 12:30

ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டாம், தயவுசெய்து. வெளி உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பலகையும் சிப்பும் மாறியிருக்கும். ஒரே பெட்டியை வாங்கிப் பல நிறுவனங்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்கின்றன. வேறு சிப்புக்கான கோப்பை ஏற்றினால் ஸ்பீக்கர் திரும்ப எழாது. ரெசிஸ்டர் பாட்டையும் சேர்த்தே குறைக்கும், பேஸ் ஒலியும் மாறிவிடும்.

மொழிக்கு முதலில் பட்டனைப் பாருங்கள். மலிவான செட்டுகள் பலவற்றில் சீனமும் ஆங்கிலமும் இரண்டுமே உள்ளே இருக்கும், மாற்றும் வழியைத் தாளில் எழுதியிருக்க மாட்டார்கள். போன் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் இணைப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது முயலுங்கள். இணைந்த நிலையில் அதே அழுத்தம் அடுத்த பாட்டு, அழைப்பு என்று வேறு வேலைக்குப் போய்விடும். நடுப் பட்டனை இரண்டு முறை, அப்புறம் மூன்று முறை. அதற்கும் அசையவில்லை என்றால் M பட்டனை நீண்ட அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சற்றுப் பொறுங்கள். மாறினால் உடனே புதிய மொழியில் ஏதாவது சொல்லும். + − இரண்டையும் சேர்த்து நீண்ட நேரம் பிடிப்பது சிலவற்றில் ரீசெட். இணைப்புப் பட்டியல் அழிந்துபோகும், அதனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழையரேடியோ | மார்ச் 8, மாலை 4:15

சிப் பொருந்தினால் ஏற்றலாம் என்றுதான் சொன்னேன். நான் ஏற்றியது இன்னும் ஓடுகிறது. பலகை எண்ணைப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டும்.

நிலாமுற்றம் | மார்ச் 8, இரவு 9:05

இயர்பட்ஸில் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் சீனம் பேசுகிறது எனக்கு. ரீசெட் செய்த பிறகு இப்படி. இது எப்படி சாத்தியம்?

மின்கம்பி | மார்ச் 8, இரவு 9:40

இரண்டும் தனித்தனிக் கருவிகள். குரல் பதிவு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இருக்கிறது, மொழித் தேர்வும் அப்படியே. ரீசெட் ஒன்றுக்கு மட்டும் பிடித்திருக்கும். இரண்டையும் பெட்டியில் வைத்து, போனில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, இரண்டுக்கும் ஒன்றாக ரீசெட் கொடுங்கள். பிறகு மொழியை மாற்றுங்கள்.

மொழிப் பேச்சு வந்ததால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏன் இரண்டு மொழிகளோடு நிறுத்துகிறார்கள், ஏன் நாம் விரும்பும் மொழியைச் சேர்க்க முடிவதில்லை என்று. இடம்தான் காரணம். ஒரு அறிவிப்பு 2 நொடி என்று வையுங்கள். நொடிக்கு 16,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 4 பிட். கணக்கிட்டால் ஒரு அறிவிப்புக்கு 16 கிலோபைட். பதினைந்து அறிவிப்புகளுக்கு 240. எண் சொல்லும் வசதி இருந்தால் பத்து இலக்கங்களுக்கு அரை நொடி வீதம் இன்னொரு 40. ஆக ஒரு மொழிக்கு 280 கிலோபைட். மலிவான சிப்பில் நினைவகமே 512 கிலோபைட் அளவில்தான் இருக்கும், அதில் செட்டை இயக்கும் நிரலும் உட்கார வேண்டும். இரண்டாவது மொழியைத் திணிக்கக் குரலின் தரத்தைக் குறைக்கிறார்கள். டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கரகரப்பாகக் கேட்பது அதனால்தான்.

நீலவானம் | மார்ச் 9, காலை 8:10

சோனி ஹெட்போனில் இந்த இடப் பிரச்சினைக்கு வேறு வழி. செயலியில் மொழியைத் தேர்ந்தெடுத்தால் அந்த மொழிக் குரலைப் போன் இறக்கி ஹெட்போனுக்கு அனுப்புகிறது. ப்ளூடூத் வழியாக மெதுவாகப் போவதால் நிறைய நேரம் பிடிக்கும். அதுவரை போனைப் பக்கத்திலேயே வையுங்கள், ஹெட்போனை அணைக்காதீர்கள். முடிந்த பிறகு குரலே வராமல் போனால் பயப்பட வேண்டாம், ஒரு முறை அணைத்துப் போட்டால் வந்துவிடும். Bose Connect செயலியோடு சேரும் போஸ் செட் என்றால் அதன் Settings உள்ளே Voice Prompts. மொழியும் அங்கேதான், முழுக்க அணைப்பதும் அங்கேதான்.

செயலி இருக்கும் செட் வாங்கினால் இவ்வளவு பாடு இல்லை.

தாழம்பூ | மார்ச் 9, காலை 9:20

முழுக்க அணைத்துவிட்டால் பேட்டரி எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

நீலவானம் | மார்ச் 9, காலை 9:35

போன் திரையில் ப்ளூடூத் குறிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் காட்டும். செட் அந்தத் தகவலைப் போனுக்கு அனுப்பும்.

விரல்நுனி | மார்ச் 9, காலை 10:00

திரையைப் பார்க்க முடிகிறவர்களுக்கு.

நீலவானம் | மார்ச் 9, காலை 10:12

சரிதான். திரைவாசிப்பான் ஓடும்போது அந்தக் குறியைத் தொட்டால் பேட்டரி அளவைப் படிக்கிறதா?

விரல்நுனி | மார்ச் 9, காலை 10:30

படிக்கிறது. ஆனால் நானாகத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அதுவாக வந்து சொல்வதற்கு ஈடாகாது. அதனால்தான் எனக்கு அந்தக் குரல் வேண்டும்.

அகல்விளக்கு | மார்ச் 9, இரவு 10:20

போன் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு முயன்றேன். நடுப் பட்டனை இரண்டு முறை அழுத்தியபோது ஒன்றும் இல்லை, மூன்று முறைக்கு ஆங்கிலத்தில் பேசியது. அணைத்துப் போட்டாலும் ஆங்கிலமே நிற்கிறது. மொழியை நினைவில் வைக்கிறது, வால்யூமை வைப்பதில்லை. விந்தை. முதல் குரல் இன்னும் கத்துகிறது, இப்போது ஆங்கிலத்தில்.

மின்கம்பி | மார்ச் 10, காலை 6:30

தொடக்க அளவை வெளியிலிருந்து மாற்ற எனக்குத் தெரிந்து வழியில்லை. இரவில் ஸ்பீக்கரை அணைக்காமல் இருந்தால் அந்த முதல் குரலைத் தவிர்க்கலாம். பகலிலேயே போட்டு, வால்யூமைக் குறைத்து, சார்ஜரில் விட்டுவிடுங்கள். இரவில் போனிலிருந்து இணைத்தால் அடங்கிய "இணைந்தது" மட்டும் வரும். தானாக அணையும் வகையா என்று மட்டும் பாருங்கள். பல செட்டுகள் எதுவும் இணையாமல் சில நிமிடம் சும்மா இருந்தால் அணைந்துவிடும், அணையும்போதும் பேசும்.

பழையரேடியோ | மார்ச் 10, காலை 9:15

பலகை எண்ணைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.

அகல்விளக்கு | மார்ச் 10, இரவு 11:05

பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. போனோடு இணைந்தே விட்டால் அணைவதில்லை. அதனால் மாலையிலேயே இணைத்து, குறைத்து, அப்படியே வைத்திருக்கிறேன். பிரிக்கப் போவதில்லை.